வரன் படம்: எடுப்பது எப்படி, எந்தத் திருத்தம் எதிர் வீட்டாரை ஏமாற்றும்

தரகருக்கோ திருமணத் தகவல் மையத்துக்கோ கொடுக்கும் படத்தை எதிர் வீட்டார் அழகுக்காக மட்டும் பார்ப்பதில்லை. நிறம் என்ன, உயரம் எவ்வளவு, உடல்வாகு எப்படி, வயது எவ்வளவு தெரிகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். ஜாதகமும் பொருந்தி, படமும் பிடித்துவிட்டால் மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வேன் பிடித்து ஏழெட்டுப் பேர் கிளம்பி வருவார்கள். காபித் தட்டோடு வருகிற பெண்ணோ, பாயில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையோ படத்தில் பார்த்த ஆள்தானா என்பது, தட்டு கைமாறுவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இல்லை என்றால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "ஊருக்குப் போய்ப் பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்துவிடுவார்கள்.

ஆகவே எந்தத் திருத்தம் சரி, எது ஏமாற்று என்று பிரிக்க ஒரே ஒரு அளவுகோல் போதும். அந்தத் திருத்தம் எதிர் வீட்டார் கணக்குப் போடும் விஷயத்தைத் தொடுகிறதா? பின்னால் கொடியில் தொங்கும் துண்டை அழித்தால் அது அவர்கள் கணக்கில் எதையும் மாற்றாது. அன்றைக்கு வந்த பருவை எடுத்தாலும் அப்படித்தான், அது பத்து நாளில் தானே போய்விடும். கன்னத்து மச்சத்தை எடுத்தால், முன்மண்டையில் முடி நிரப்பினால், நிறத்தை இரண்டு படி ஏற்றினால், காலை நீட்டினால் அவர்கள் வேறு ஒருவரைப் பார்க்கக் கிளம்பி வருகிறார்கள் என்று பொருள். போகக்கூடியதை எடுக்கலாம், போகாததைத் தொடக்கூடாது.

சொல்வதற்கு எளிது. நடைமுறையில் பலர் ஏமாற்ற நினைத்து ஏமாற்றுவதில்லை. படம் மோசமாக விழுகிறது, அதைச் சரிசெய்யப் போய்த் திருத்தம் எல்லை தாண்டிவிடுகிறது. அதனால் முதலில் படத்தை ஒழுங்காக எடுக்க வேண்டும்.

முகப்படம்

வரன் தகவலுக்கு மூன்று படம் போதும். மார்பு வரை தெரியும் முகப்படம் ஒன்று, தலை முதல் பாதம் வரை முழு உருவம் ஒன்று, வீட்டில் சாதாரணமாக இருக்கும்போது எடுத்தது ஒன்று. மூன்றும் கடைசி ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். கண்ணாடி போடுகிறவர் குறைந்தது ஒரு படத்திலாவது கண்ணாடியோடு இருக்க வேண்டும். அக்கா கல்யாணத்தில் மேக்கப் போட்டு ஸ்டேஜ் லைட்டில் எடுத்த படத்தை எடிட் செய்யாமல் கொடுத்தாலும் அது எடிட் செய்த படம்தான். திருத்தம் முகத்திலேயே நடந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

செல்ஃபி கூடாது. காரணம் எளிய கணக்கு. மூக்கு நுனியிலிருந்து காது வரை ஏறத்தாழ 12 செ.மீ. ஆழம் இருக்கிறது. போனை 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் மூக்கு 30-லும் காது 42-லும் இருக்கும். காதை அளவாக வைத்துப் பார்த்தால் மூக்கு 1.4 மடங்கு பெரிதாக விழும். போனை இன்னொருவர் ஆறடி, அதாவது 180 செ.மீ. தள்ளி நின்று பிடித்தால் அதே விகிதம் 1.07. மூக்கு மூக்கின் அளவில் இருக்கும். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிந்த கவலையில்தான் பலர் ஆப்பில் மூக்கைச் சுருக்கப் போகிறார்கள். பிறகு கண்ணும் தாடையும் பொருந்தாமல் போகும், அதையும் திருத்துவார்கள். ஆறடி தள்ளி நின்றிருந்தால் எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

ஆறடியில் நின்றால் முகம் சிறிதாகத் தெரியும். கிட்டே போக வேண்டாம், திரையில் 2x என்பதைத் தொடுங்கள். போனின் லென்ஸ் கண் மட்டத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் தாடை ஒடுங்கும், கீழிருந்து எடுத்தால் கழுத்து தடிக்கும்.

எடுக்கும் முன் கேமரா அமைப்பில் பியூட்டி என்பதைத் தேடிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பல போன்களில் முன்பக்கக் கேமராவுக்கு அது தானாகவே ஓரளவு போட்டிருக்கும், சிலவற்றில் பின்பக்கக் கேமராவிலும் இருக்கும். தோலை வழவழப்பாக்குவது, கன்னத்தை ஒடுக்குவது, கண்ணைப் பெரிதாக்குவது, நிறத்தை ஏற்றுவது என்று உள்ளே தனித்தனிப் பட்டைகள் இருக்கும். ஒன்றைக் குறைத்து மற்றதை விட்டுவிடாதீர்கள். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். பின்னணியை மங்க வைக்கிறேன் என்று காதோர முடியையும் ஜிமிக்கியையும் சேர்த்து மங்க வைத்துவிடும். பார்க்கிறவர் தலையை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைப்பார்.

நிறம் கெடுவது எங்கே

வரன் படத்தில் அதிகச் சண்டை நிறத்தில்தான். பயோடேட்டாவில் மாநிறம் என்று எழுதிவிட்டுப் படத்தில் எலுமிச்சை நிறம் காட்டுவது மதுரைப் பக்கம் வழக்கம்போல ஆகிவிட்டது. இந்த ஆசையின் நியாய அநியாயம் தனிப் பேச்சு. படத்தில் அது எப்படி நடக்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

போன் கேமரா முழுக் காட்சியையும் சராசரி வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். மாநிறமோ கருப்போ உள்ளவரைச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் முன் நிறுத்தினால், காட்சியில் வெளிச்சம் அதிகம் என்று எண்ணி எல்லாவற்றையும் கொஞ்சம் இருட்டாக்கும். முகம் நிஜத்தைவிடக் கருத்து விழும். வீட்டார் படத்தைப் பார்த்து, "பிள்ள இவ்வளவு கருப்பில்லையே" என்பார்கள். அது உண்மைதான். அடுத்து ஸ்டுடியோவில் கொடுத்து ஏற்றச் சொல்வார்கள். ஏற்றுகிறவருக்கு நிஜ நிறம் தெரியாது, எங்கே நிறுத்துவது என்று அவருக்கு எல்லையும் இல்லை. இழந்த ஒரு படியோடு இரண்டு படி சேர்ந்து ஏறிவிடும்.

இதைத் தவிர்க்கச் சுவரை மாற்றினால் போதும். சாம்பல், மணல், வெளிர் பழுப்பு போன்ற நடுத்தர நிறச் சுவர் நல்லது. ரோஸ், பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவரை ஒட்டி நிற்காதீர்கள், அந்த நிறம் கன்னத்திலும் கழுத்திலும் வந்து படியும். சுவரிலிருந்து நான்கடி தள்ளி நிற்க வேண்டும். வெயில் நேராக விழாத, ஆனால் வானம் தெரிகிற இடம் வேண்டும். திண்ணை, மாடிப்படி முகப்பு, வராந்தா எல்லாம் பொருத்தம். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை, அல்லது மாலை நாலரைக்குப் பிறகு. மதுரை வெயிலில் பதினொரு மணிக்கு மொட்டைமாடியில் எடுத்தால் கண்குழியும் மூக்கடியும் கருத்துத்தான் விழும். வீட்டுக்குள் எடுப்பதானால் ஜன்னலுக்கு மூன்றடியில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தி, டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம்.

திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு அங்கே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சின்னச் சூரியனை மேலும் கீழும் நகர்த்தி முகத்தைச் சரிபாருங்கள். எடுத்தவுடன் போனை அவர் முகத்துக்குப் பக்கத்திலேயே, அதே வெளிச்சத்தில் வைத்து, படத்தையும் ஆளையும் ஒப்பிட வேண்டும். திரையின் வண்ண அமைப்பு இயல்பு என்பதில் இருக்கட்டும். விவிட் என்று வைத்திருந்தால் எல்லாம் கூடுதலாகப் பளபளக்கும். இந்த ஒப்பீட்டைப் பிறகு வீட்டுக்குள் போய்ச் செய்ய முடியாது, வெளிச்சம் மாறியிருக்கும்.

படத்தில் நிறம் சரியாக இருக்கிறதா என்பதற்கு மல்லிகைப்பூ நல்ல சாட்சி. மதுரை மல்லியின் மொக்கு வெண்மை, காம்புப் பக்கம் இளம்பச்சை. சரத்தில் ஒரு மொக்குக்கும் அடுத்த மொக்குக்கும் நடுவே மெல்லிய நிழல்கோடு இருக்கும், கட்டிய நாரும் அங்கங்கே தெரியும். ஒழுங்கான படத்தைப் பெரிதாக்கினால் இவை எல்லாம் கண்ணுக்குக் கிடைக்கும். வெளிச்சத்தை மிகையாக ஏற்றிய படத்தில் நிழல்கோடு முதலில் மறையும், பிறகு பச்சை மறையும், கடைசியில் சரம் முழுவதும் பஞ்சு சுற்றியதுபோல் ஒரே வெள்ளைப் பிண்டமாகிவிடும். பூ அப்படி ஆகியிருந்தால் முகமும் நிஜ நிறத்தில் இல்லை. மொக்கு தெளிவாக இருந்து முகம் மட்டும் வெளுத்திருந்தால் முகத்தை மட்டும் தனியாக ஏற்றியிருக்கிறார்கள். ஆணாக இருந்தால் வெள்ளைச் சட்டையின் தையல்கோட்டை வைத்து இதே சோதனையைச் செய்யலாம்.

முகத்தை மட்டும் ஏற்றுகிறவர்கள் மறக்கும் இடங்கள் நான்கு: காது, கழுத்தின் பக்கவாட்டு, முன்கை, விரல் முட்டி. நான்கும் ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்றால் விஷயம் விளங்கிவிடும். வெயிலில் வேலை பார்ப்பவருக்கு முன்கை இயல்பாகவே ஒரு படி கருத்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே கையைவிடக் காதை நம்புங்கள்.

முழு உருவமும் நிலைக்கதவும்

முழுப்படம் உயரத்துக்காகவும் உடல்வாகுக்காகவும் கேட்கப்படுவது. உயரம் என்பது பக்கத்தில் தெரிந்த அளவுள்ள பொருள் ஒன்று இருந்தால்தான் படத்தில் தெரியும். வெறும் நீலத் துணி முன் நின்றால் ஐந்தடியும் ஐந்தரை அடியும் ஒன்றுதான். நல்ல அளவுகோல் நிலைக்கதவு. இப்போது கட்டும் வீடுகளில் நிலை பெரும்பாலும் 7 அடி, அதாவது 84 அங்குலம். பழைய வீடுகளில் குட்டையாக இருக்கும் என்பதால் ஒருமுறை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

பெண்ணோ பையனோ நிலையை ஒட்டி, தோள் சட்டத்தைத் தொடுகிற மாதிரி நிற்க வேண்டும். செருப்பில்லாமல், அல்லது தட்டைச் செருப்போடு. எடுப்பவர் பத்தடி தள்ளி நின்று, போனைத் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் நேராகப் பிடிக்க வேண்டும். குனிந்து கீழிருந்து எடுத்தால் கால் நீளும். 0.5x என்ற அகலக் கேமராவைத் தொடவே கூடாது, அது ஓரத்தில் உள்ளதை இழுக்கும், பாதம் ஓரத்தில்தான் இருக்கும். ஆள் படத்தின் நடுவில் இருக்கட்டும், தலைக்கு மேல் நிலையின் மேல்சட்டம் முழுதும் தெரியட்டும்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெண்ணின் உயரம் 5 அடி 1 அங்குலம், அதாவது 61 அங்குலம் என்று வைப்போம். மடிக்கணினித் திரையில் படத்தைத் திறந்து ஸ்கேல் வைத்தால் நிலை 14 செ.மீ., பெண் 10.2 செ.மீ. என்று வருகிறது. 10.2-ஐ 14-ஆல் வகுத்து 84-ஆல் பெருக்கினால் 61.2 அங்குலம். பயோடேட்டாவில் எழுதியதும் படமும் ஒன்று.

இதே பெண்ணை மட்டும் வெட்டி எடுத்து 8 சதவீதம் உயரவாக்கில் இழுத்து அதே கதவின் முன் திரும்ப ஒட்டினால், 10.2 செ.மீ. 11 செ.மீ. ஆகும். கணக்கு 66 அங்குலம் காட்டும், 5 அடி 6 அங்குலம். வெறும் எட்டு சதவீதம்தான், கண்ணுக்கு "கொஞ்சம் ஒல்லியா, ஒசரமா" என்று மட்டுமே படும். வந்து பார்க்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கோ ஐந்து அங்குலம் காணாமல் போயிருக்கும்.

படத்தை முழுதாக, கதவோடு சேர்த்து இழுத்தால் கதவுக் கணக்கு ஏமாந்துபோகும், இரண்டும் ஒரே அளவில் நீண்டிருக்குமே. அங்கே காட்டிக்கொடுப்பது பொட்டு. வட்ட ஸ்டிக்கர் பொட்டு நேராகப் பார்க்கும் முகத்தில் வட்டமாகத்தான் விழ வேண்டும். இழுத்த படத்தைப் பெரிதாக்கி அளந்தால் அகலம் 10 என்றால் உயரம் 10.8 என்று வரும். சுவர்க் கடிகாரம், சட்டைப் பொத்தான், சுவிட்ச் போர்டின் வட்டமான ரெகுலேட்டர் எல்லாம் இந்த வேலைக்கு உதவும். முகம் திரும்பியிருந்தாலோ குனிந்திருந்தாலோ பொட்டு இயல்பாகவே நீள்வட்டமாகும், அப்போது இந்தச் சோதனை செல்லாது.

கதவுக் கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. ஆள் நிலையை ஒட்டி நிற்காமல் ஒன்றரை அடி முன்னால் நின்றுவிட்டால், பத்தடி தூரத்திலிருக்கும் போனுக்கு அவர் எட்டரை அடியில் இருக்கிறார், கதவு பத்தடியில். 10-ஐ 8.5-ஆல் வகுத்தால் 1.18. ஐந்தடி ஒரு அங்குலக்காரர் கதவோடு ஒப்பிட ஆறடி ஆள்போல் தெரிவார். எந்த எடிட்டும் இல்லாமலே இது நடக்கும். எனவே வந்த படத்தில் கணக்குப் போடும் முன், ஆளின் பாதம் வாசப்படியோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இடுப்பையும் கையையும் ஒடுக்கும் வேலை வேறு வகை. ஆளை இழுக்காமல், தூரிகைபோல் ஒன்றை வைத்து உடலின் ஓரத்தை உள்ளே தள்ளுவார்கள். உடலோடு சேர்ந்து பக்கத்தில் இருப்பதும் உள்ளே போகும். இடுப்புக்குப் பக்கத்தில் நிலைச்சட்டமோ டைல்ஸ் கோடோ இருந்தால் அங்கே மட்டும் லேசாக வளையும். சுங்குடிச் சேலை கட்டியிருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வரிசையான புள்ளிகள் மற்ற இடத்தில் வட்டமாக இருந்து, இடுப்போரத்தில் மட்டும் நசுங்கி நெருக்கமாகிவிடும். மடிப்பிலும் புள்ளி நசுங்கும்தான். ஆனால் மடிப்பென்றால் துணியில் நிழலும் சேர்ந்து இருக்கும். நிழலே இல்லாமல் புள்ளி மட்டும் ஒடுங்கினால் அது தள்ளியது.

ஸ்டுடியோவில் என்ன சொல்வது

ஸ்டுடியோ வைத்திருப்பவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. "கருப்பா விழுந்திருக்கு, நல்லா பண்ணிக் குடுங்க" என்று பத்தில் எட்டுப் பேர் சொன்னால், கேட்காதவருக்கும் அதே வேலைதான் நடக்கும். கல்யாண ஆல்பத்துக்கு வைத்திருக்கும் அதே வழவழப்பும் அதே வெளுப்பும் ஒரே சொடுக்கில் வரன் படத்துக்கும் விழும். அதனால் எதைச் செய்ய வேண்டாம் என்பதை முதலிலேயே பெயர் சொல்லிச் சொல்லிவிடுங்கள்:

"கலர் கரெக்ஷன் மட்டும் போதுங்க. முகத்த ஸ்மூத் பண்ண வேண்டாம், உடம்பு ஷேப்ப தொட வேண்டாம், பேக்ரவுண்டு மாத்த வேண்டாம். மச்சம், தழும்பு அப்படியே இருக்கட்டும். எடிட் பண்ணாத பைலையும் சேத்துக் குடுத்துருங்க."

எடிட் செய்யாத கோப்பை வாங்கி வைப்பது முக்கியம். பிறகு சந்தேகம் வந்தால் ஒப்பிட வேறு எதுவும் இருக்காது. பிரின்ட் போடும்போதும் ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம் என்று சொல்லுங்கள், மிஷினே ஒருமுறை வெளிச்சம் ஏற்றிவிடும்.

ஒட்டுவேலையில் இந்தப் பக்கம் மூன்று வகை அதிகம். மாப்பிள்ளையின் தலையை மட்டும் எடுத்து ஆயத்தமாக வைத்திருக்கும் கோட்டு சூட்டு உடம்பில் வைப்பது ஒன்று. பாஸ்போர்ட் படத்துக்கு இது பழகிப்போன வேலை என்பதால் வரன் படத்துக்கும் யாரும் யோசிக்காமல் செய்கிறார்கள். ஆனால் அங்கே தெரிவது இன்னொருவரின் தோளும் நெஞ்சும். உடல்வாகைப் பார்க்கத்தான் படமே கேட்டார்கள் என்றால், அந்தப் படத்தில் மாப்பிள்ளை இல்லை. இரண்டாவது, பெண்ணின் முகத்தைப் பட்டுச்சேலை கட்டிய வேறொரு உடம்பில் வைப்பது. ஒரு முகப்படத்தைக் கொடுத்தால் நகையும் சேலையுமாக முழு உருவத்தையே செய்து தரும் ஆப்புகளும் இப்போது வந்துவிட்டன. அதில் வரும் கையும் இடுப்பும் உயரமும் யாருடையதும் இல்லை. மூன்றாவது, பின்னணி. சாதாரணத் திரை மாற்றினால் பெரிய பாதகமில்லை. மாடி வீட்டையும் காரையும் பின்னால் வைத்தால் அது வீடும் காரும் உண்டு என்று சொல்வதாகவே எதிர் வீட்டார் எடுத்துக்கொள்வார்கள், அப்படித்தான் எடுத்துக்கொள்ளவும் வேண்டும்.

ஒட்டியதைக் கண்டுபிடிக்கக் கழுத்தைப் பாருங்கள். தாடையின் நிழல் கழுத்தில் எந்தப் பக்கம் விழுகிறதோ அதே பக்கம்தான் மூக்கின் நிழலும், சட்டைக் காலரின் நிழலும் விழ வேண்டும். அடுத்து கூர்மை. முகத்தில் மயிர்க்கால் தெரிகிறது, கோட்டின் துணியில் நூல் தெரியவில்லை என்றால் இரண்டும் வெவ்வேறு படத்திலிருந்து வந்தவை. காதோரப் பூனைமுடி கத்தியால் சீவியதுபோல் நின்றுபோயிருப்பது மூன்றாவது அடையாளம்.

படம் வந்த வீட்டார் செய்ய வேண்டியது

ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பைச் சுருக்கித்தான் அனுப்பும். தரகர் கைமாறி வருவதற்குள் தோலின் நுணுக்கம் போய் வழவழப்பாகத் தெரியலாம். முந்தானை வலது தோளில் இருந்தாலோ, சட்டைப்பை வலப்பக்கம் இருந்தாலோ அது பெரும்பாலும் கண்ணாடிபோல் இடம் வலம் மாறி விழுந்த செல்ஃபி. ஒரு படத்தில் இடது கன்னத்திலும் இன்னொன்றில் வலது கன்னத்திலும் மச்சம் இருப்பதற்கும் இதுதான் காரணம். வேறு ஆள் இல்லை.

சந்தேகம் இரண்டு மூன்று இடத்தில் சேர்ந்து வந்தால் மட்டும் கேளுங்கள். "எடிட் பண்ணிருக்கீங்களா" என்று கேட்டால் அன்றோடு பேச்சு முடிந்தது. இப்படிக் கேட்கலாம்:

"படம் பார்த்தோங்க, எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. வீட்ல சாதாரணமா எடுத்த படம் ஒண்ணு இருந்தா அனுப்பிவிடுங்க, ஊர்ல அப்பத்தாவுக்குக் காட்டணும். டாக்குமென்ட்டா அனுப்புனா தெளிவா வரும்."

டாக்குமென்ட்டாக வந்தால் கோப்பு சுருங்காது. எடுத்த தேதி கோப்பிலேயே இருந்தால் அதுவும் கூடவே வரும், படத்தின் விவரத்தைத் திறந்தால் தெரியும். படமாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் இரண்டு வீட்டுப் பெண்களும் பகலில் ஐந்து நிமிடம் வீடியோ காலில் பேசிக்கொள்வது எல்லாவற்றையும் தீர்க்கும். வீடியோ காலிலும் சில ஆப்புகளில் முகப்பூச்சு உண்டு. கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகும்போது முகம் ஒரு கணம் கலங்கித் திரும்பினால் அது ஓடுகிறது என்று பொருள்.

படம் ஏற்கெனவே போய்விட்டதென்றால்

திருத்திய படத்தைத் தரகர் நான்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார், இப்போது மனசு உறுத்துகிறது என்றால் வழி இருக்கிறது. இரண்டு வீட்டாரும் நாள் குறிப்பதற்கு முன்னால் சாதாரணப் படத்தை அனுப்பிவிட வேண்டும். விளக்கம் நீளக்கூடாது. "முன்ன குடுத்தது ஸ்டுடியோவுல கொஞ்சம் கூடுதலா டச் பண்ணிட்டாங்க. இது போன வாரம் வீட்ல எடுத்தது, இதையே வச்சுக்கங்க" என்றால் போதும். தரகரிடம் பழையதை அழிக்கச் சொல்லி, அவர் போனில் இருக்கும்போதே புதியதை மாற்றி வைக்கச் செய்யுங்கள். தகவல் மையத்தின் பக்கத்திலும் நீங்களே நுழைந்து மாற்றுங்கள். அவர்கள் மாற்றுவார்கள் என்று விட்டால் பழைய படமே சுற்றிக்கொண்டிருக்கும்.

படத்தில் தெரியாதபடி விட்ட விஷயம் ஏதாவது இருந்தால், உதாரணமாக வெண்புள்ளியோ தீத்தழும்போ, அதை எல்லாரும் பார்க்கும் பொதுப்பக்கத்தில் போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அந்த வீட்டார் வண்டி ஏறுவதற்கு முன் பெரியவர் ஒருவர் போனில் சொல்லிவிட வேண்டும். முடி விஷயமும் இதில் சேரும். பழனியில் மொட்டை போட்டு ஒரு மாதம் ஆன மாப்பிள்ளைக்குப் பழைய கிராப்புப் படம் போயிருந்தால், ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்வதில் சிரமம் ஒன்றுமில்லை.

முதல் சந்திப்பை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்துக்கொள்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018 முதல் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, வாசலில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். போனில் இருக்கும் படத்தோடு ஆளை ஒப்பிட அங்கே வழியில்லை. கூட்டத்தில் யாரைத் தேடுவது என்று தெரியாமல் நிற்பார்கள் வேறு. அதனால் எடிட் செய்யாத முழு உருவப் படத்தில் 4×6 அங்குலப் பிரின்ட் இரண்டு போட்டு, ஒன்றை எதிர் வீட்டாருக்கு முந்தின நாளே தரகர் மூலம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை அம்மாவின் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரின்ட்டின் பின்பக்கம் எடுத்த மாதத்தைப் பேனாவில் எழுதி வையுங்கள்.